வாஷ் பேசினுக்கு அடியில் ஆங்கிள் காக் கசிகிறது (படம் உள்ளே): நானே சரிசெய்யலாமா, பிளம்பரைக் கூப்பிடணுமா?

நிலாமுற்றம்

வணக்கம். வாஷ் பேசினுக்குக் கீழே சுவரிலிருந்து வெளியே வரும் ஆங்கிள் காக்கில் தண்ணீர் சொட்டுகிறது. இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு இருக்கும். படம் போட்டிருக்கிறேன். சொட்டு தொங்குவது காக்கின் அடிவயிற்றில். மேலே போகும் கனெக்‌ஷன் பைப்பின் நட்டைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு தெரிகிறது. சுவரை ஒட்டிய ஃபிளாஞ்சின் கீழ் விளிம்பில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் டெஃப்லானும் வீட்டில் இருக்கின்றன. எந்த இடத்தை இறுக்குவது?

ஸ்பேனர்செல்வன்

படத்திலேயே தெரிகிறதே, கனெக்‌ஷன் பைப் நட்டுதான். பச்சைக் களிம்பு இருந்தால் அங்கே கசிவு என்று அர்த்தம். நட்டைக் கழற்றி மரையில் நன்றாக டெஃப்லான் சுற்றி இறுக்கி விடுங்கள். அப்படியே சுவர்ப் பக்கமும் கழற்றிச் சுற்றி விட்டால் எல்லாமே ஒரே வேலையில் முடிந்துவிடும்.

மரைதிருகி

செல்வன், கொஞ்சம் பொறுங்கள். ஸ்பேனரை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம்.

நிலாமுற்றம், நீங்கள் எடுத்த படம் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதைக் காட்டுகிறது. எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டவில்லை. மேல் நட்டில் கசிந்தாலும் உடம்பு வழியே இறங்கி அடிவயிற்றில்தான் தொங்கும். கைப்பிடியின் கழுத்தில் கசிந்தாலும் அங்கேதான் வரும். காக் கொஞ்சம் முன்பக்கம் சரிந்திருந்தால் சுவரிலிருந்து வரும் தண்ணீரும் அதே இடத்துக்கு வந்து சேரும். பச்சைக் களிம்பு எப்போதோ ஈரமாக இருந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். ஃபிளாஞ்சு விளிம்பில் இருக்கும் உப்புதான் என்னை யோசிக்க வைக்கிறது.

முதலில் இதைச் செய்யுங்கள். பழைய துணியால் எல்லாவற்றையும் துடைத்துக் காய வையுங்கள். கனெக்‌ஷன் பைப்பின் மேல்முனையையும் விட வேண்டாம், அங்கே பிறக்கும் நீர் பைப் வழியாகவே வழிந்து கீழே வரும். பிறகு டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து நான்கு இடத்தில் சுற்றுங்கள்: பைப்பின் மேல் நட்டு, கீழ் நட்டு, கைப்பிடிக் கழுத்து, ஃபிளாஞ்சு விளிம்பு. ஆங்கிள் காக்கைத் திறந்து வைத்து, பேசின் குழாயை மூடிவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். எந்தக் காகிதம் முதலில் நனைகிறது என்பதுதான் முக்கியம். கடைசியில் எல்லாமே நனைந்துவிடும், அதனால் இடையிடையே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து ஆங்கிள் காக்கை முழுசாக மூடி, மறுபடி துடைத்து, புதுக் காகிதம் சுற்றி அரைமணி நேரம் விடுங்கள். இரண்டையும் செய்துவிட்டு எழுதுங்கள்.

தூறல்

எனக்கும் இதே பிரச்சினை. குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் வாயில் சொட்டுகிறது. டெஃப்லான் எங்கே சுற்றுவது?

மரைதிருகி

தூறல், உங்களுடையது வேறு விஷயம். வாயில் சொட்டினால் தண்ணீரை அடைக்கும் உள் பாகம் தேய்ந்திருக்கிறது. அதற்கு டெஃப்லான் எங்கேயும் உதவாது. நாலைந்து சுற்று திருகி மூடும் பழைய வகை என்றால் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும், அதை மாற்ற வேண்டும். கால் சுற்றில் மூடும் வகை என்றால் செராமிக் கார்ட்ரிட்ஜ். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். அதுவரை பலம் கொண்டு திருக வேண்டாம். வாஷர் வகையில் அப்படித் திருகினால் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பு கெட்டுவிடும். அப்புறம் புது வாஷர் போட்டாலும் நிற்காது. உங்கள் குழாய்க்குக் கீழே ஆங்கிள் காக் இருந்தால் அதை மூடிவிட்டு நிதானமாக வேலை செய்யலாம். நிலாமுற்றத்துக்கு அந்த வசதி இல்லாமல் போகலாம், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்பேனர்செல்வன்

ஐயா, நட்டிலும் சுற்றி சுவர்ப் பக்கமும் சுற்றினால் இந்தச் சோதனையே தேவையில்லையே? இரண்டில் எது இருந்தாலும் நின்றுவிடும்.

மரைதிருகி

சுவர்ப் பக்கத்துக்கு டெஃப்லான் வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. அங்கே மரையும் மரையும் சேரும் இடைவெளியை அதுதான் அடைக்கிறது. கனெக்‌ஷன் பைப் நட்டு அப்படி இல்லை. அதற்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. பைப்பின் முகத்துக்கும் காக்கின் முகத்துக்கும் நடுவில் அது நசுங்கித்தான் தண்ணீரைத் தடுக்கிறது. மரையின் வேலை அந்த வாஷரை அழுத்துவது மட்டும். அங்கே டெஃப்லான் சுற்றினால் நட்டு பாதியிலேயே இறுகிவிடும், வாஷர் முழுசாக நசுங்காது. கைக்கு இறுகினது போலத் தெரியும், கசிவு இருக்கும். அந்த நட்டுக்குக் கையால் முட்டும்வரை திருகி, அதற்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்று போதும். அதிலும் நிற்காவிட்டால் வாஷர் பழுத்துவிட்டது என்று அர்த்தம், மாற்றுங்கள்.

சுவர்ப் பக்கத்தைக் காரணம் தெரியாமல் கழற்றக் கூடாது என்பது என் பிடிவாதம். நன்றாக இருக்கும் இணைப்பைக் கழற்றிக் கெடுத்தவர்களின் வீட்டுக்குப் போய் நிறைய வேலை செய்திருக்கிறேன்.

நிலாமுற்றம்

செய்து பார்த்தேன் ஐயா. திறந்திருந்தபோது முதலில் நனைந்தது ஃபிளாஞ்சு விளிம்பில் வைத்த காகிதம். மேல் நட்டும் கீழ் நட்டும் கைப்பிடியும் காய்ந்தே இருந்தன. மூடி வைத்தபோதும் அதே ஃபிளாஞ்சுக் காகிதம்தான் நனைந்தது, வேகமும் குறையவில்லை.

மரைதிருகி

நல்லது, இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. ஆங்கிள் காக்கை மூடினால் அதற்குப் பிறகு இருக்கும் நட்டிலும் பைப்பிலும் அழுத்தம் போய்விடும். வழக்கமான காக்குகளில் கைப்பிடிக் கழுத்துக்கும் அப்படித்தான். மூடியதும் கசிவு நின்றிருந்தால் இது உங்கள் கையால் ஆகும் வேலை என்று சொல்லி முடித்திருப்பேன். மூடியும் நிற்கவில்லை என்றால் கசிவு காக்குக்கு முன்னால், எப்போதும் அழுத்தம் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் மெயின் வால்வை மூடாமல் அதில் எதுவும் செய்ய முடியாது.

முன்பக்கம் என்றால் மூன்றில் ஒன்று. டெஃப்லான் தளர்ந்திருக்கலாம், அது எளிது. காக்கின் மரைப்பகுதியில் விரிசல் இருக்கலாம், அதுவும் புதுக் காக் வாங்கினால் தீரும். மூன்றாவது, சுவருக்குள் இருக்கும் எல்போ விரிந்திருக்கலாம், அல்லது அது பைப்போடு ஒட்டிய இடம் விட்டிருக்கலாம். அது வந்தால் சுவரைக் கொத்தாமல் முடியாது.

கழற்றுவதற்கு முன்னால் கண்ணால் பார்த்துவிடலாம். ஃபிளாஞ்சு என்பது வெறும் மூடித்தகடு, முன்னால் இழுத்தால் நகரும். வெள்ளை சிமெண்டில் ஒட்டியிருந்தால் பிளேடால் விளிம்பைச் சுற்றிக் கீறிவிட்டு இழுங்கள். உள்ளே டார்ச் அடித்து மொபைலில் மேலிருந்து ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, கீழிருந்து ஒன்று என்று நெருக்கமாகப் படம் எடுங்கள். எல்போவின் வாய் பித்தளையா பிளாஸ்டிக்கா என்பது தெரிய வேண்டும்.

குறிஞ்சி

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எல்போ நன்றாக இருந்து டெஃப்லான் மட்டும் தளர்ந்திருந்தால் எப்படிச் செய்வது என்று சொல்ல முடியுமா? எங்கள் வீட்டிலும் சுவர் இணைப்பில்தான் ஈரம். ஃபிளாஞ்சை இழுத்துப் பார்த்தேன், பித்தளை வாய். விரிசல் எதுவும் தெரியவில்லை.

மரைதிருகி

பித்தளை வாய் என்றால் தைரியமாகச் செய்யலாம்.

மெயின் வால்வை மூடுங்கள். பேசின் குழாயையும், வீட்டில் தாழ்வாக இருக்கும் இன்னொரு குழாயையும் திறந்து பைப்பில் நிற்கும் நீரை வடித்துவிடுங்கள். ஒழுக்கு முழுசாக நின்றதா என்று பாருங்கள். மெயின் வால்வே சரியாகப் பிடிக்காமல் நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காக்கைக் கழற்றிய பிறகு அது தெரிந்தால் வீடு நனையும்.

கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றுங்கள். எல்போ வாயில் ஒரு புள்ளியும் அதற்கு நேராக டைல்ஸில் ஒரு புள்ளியும் பென்சிலால் வையுங்கள். காக்கை இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பும்போது இரண்டு புள்ளியும் நேராகவே இருக்க வேண்டும். எல்போவும் சேர்ந்து திரும்பினால் கையை எடுத்துவிடுங்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள். இதில் "இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம்" என்பதே கூடாது. உள்ளே பைப் முறுக்கிக்கொண்டால் கசிவு சுவருக்குள் போய்விடும், அப்புறம் கண்ணுக்கே தெரியாது.

கழன்று வந்ததும் இரண்டு பக்க மரையிலும் பழைய டெஃப்லானை ஒரு இழை விடாமல் எடுங்கள். அதன் மேலேயே புதுசு சுற்றினால் வழுக்கும். காக்கின் மரை குரோம் பூசி வழவழப்பாக இருந்தால் ஹாக்ஸா பிளேடால் மரையின் முகட்டில் குறுக்கே லேசாகக் கீறிவிடுங்கள், டெஃப்லானுக்குப் பிடிப்பு வரும்.

மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். அரை அங்குல மரைக்குச் சாதாரண மெல்லிய டெஃப்லான் என்றால் 10 முதல் 15 சுற்று. கெட்டி வகை என்றால் அதில் பாதி. முதல் மரையை மட்டும் வெறுமையாக விடுங்கள், நேராகப் பிடித்து ஏறும்.

பிறகு கையால் ஏற்றுங்கள். முதல் இரண்டு மரை சுலபமாக ஏறி, அப்புறம் கை இறுக வேண்டும். கடைசி வரை கையாலேயே போனால் சுற்று போதவில்லை. ஸ்பேனரில் முடிக்கும்போது காக்கின் வாய் மேலே பார்க்கும் நிலையில் நிறுத்த வேண்டும். அந்த நிலையைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பி நேர் செய்யாதீர்கள். பின்னால் திருப்பினால் டெஃப்லானின் பிடி விட்டுப்போகும். கழற்றி, துடைத்து, புதுசாகச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும்.

கட்டடக்கண்

டெஃப்லானைவிடச் சணலும் பேஸ்டும்தான் நிற்கும் என்பது என் அனுபவம். சணலில் ஏற்றியதைக் கொஞ்சம் பின்னால் திருப்பினாலும் தாங்கும்.

மரைதிருகி

இரும்பு பைப்பில், பித்தளையில் ஒப்புக்கொள்கிறேன். பிளாஸ்டிக் வாயில் சணல் வேண்டாம். நனைந்தால் ஊதும், வாயை விரிக்கும். பித்தளையில் எது மேல் என்று கேட்டால் எனக்கு டெஃப்லான் கைப்பழக்கம், உங்களுக்குச் சணல். விட்டுவிடுவோம்.

நிலாமுற்றம்

ஃபிளாஞ்சை இழுத்துவிட்டேன். வெள்ளை சிமெண்டு இருந்தது, பிளேடால் கீறி எடுத்தேன். மூன்று படமும் போட்டிருக்கிறேன். எல்போ பிளாஸ்டிக், வெளிர் மஞ்சள் நிறம், பித்தளை எதுவும் தெரியவில்லை. கீழிருந்து எடுத்த படத்தில் வாயின் விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு உள்நோக்கிப் போகிறது. அழுக்கா விரிசலா தெரியவில்லை.

மரைதிருகி

அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டு ஈரமில்லாத டிஷ்யூவை அதன் மேல் ஒற்றி எடுங்கள். காகிதத்தில் கோடாகவே ஈரம் வந்தால் விரிசல்.

நிலாமுற்றம்

கோடாகவே வந்தது.

மரைதிருகி

அப்படியானால் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இது உங்கள் வேலை இல்லை, பிளம்பர் வேலை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், யாராவது வந்து "சும்மா டெஃப்லான் சுற்றினால் போதும்" என்று சொன்னால் உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாயில் உலோக மரையை இறுக்கினால் அது ஆப்பு மாதிரி உள்ளிருந்து வாயை விரிக்கும். மாட்டியவர் அதிகம் சுற்றியோ, வாய் நேராக வர வேண்டுமென்று கூடுதலாக முறுக்கியோ இருந்தால் விரிசல் உடனே தெரியாது. அந்த இழுவை பிளாஸ்டிக்குக்குள் நின்றுகொண்டே இருந்து மெல்ல மெல்லக் கோடு விழும். இப்போது கழற்றி இன்னும் தடிமனாகச் சுற்றி ஏற்றினால் ஆப்பு இன்னும் பெரிதாகும். கசிவு நின்றது போல ஒரு நாள் இருந்துவிட்டு, விரிசல் உள்ளே நீண்டு, ஆள் இல்லாத நேரத்தில் வாய் பிளந்துகொள்ளலாம். சொட்டுக்கும் பீய்ச்சலுக்கும் நடுவில் அந்த எல்போ ஒன்றுதான் நிற்கிறது.

பிளம்பர் வரும்வரை காக்கைத் திருகாதீர்கள், அதன் மேல் எதையும் சாய்த்து வைக்காதீர்கள். வெளியே போகும்போதும் இரவிலும் மெயினை மூடுங்கள். அந்தச் சுவரில் பிளக் பாயிண்ட் அருகில் இருந்தால் அந்த வரிசைக்கான மின்சாரத்தையும் நிறுத்தி வையுங்கள்.

ஸ்பேனர்செல்வன்

விரிசல் மேலே எபாக்ஸி பூசினால்? இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டுவோமே, அது கல்லாக இறுகிவிடும். சுவரைக் கொத்தாமல் முடியும் என்றால் முயற்சி செய்து பார்க்கலாமே.

குறிஞ்சி

எங்கள் வீட்டில் மாடியில் இரும்பு பைப்புக்கு அப்படித்தான் பூசியிருக்கிறோம், இன்றைக்கு வரை கசியவில்லை.

மரைதிருகி

குறிஞ்சி, அது திறந்த வெளியில் இருக்கும் பைப். நாலாபுறமும் சுற்றிப் பூச முடிந்திருக்கும், விட்டாலும் கண்ணுக்குத் தெரியும். இங்கே எல்போவின் முகத்தை மட்டும்தான் தொட முடியும். பின்பக்கம் சுவருக்குள் இருக்கிறது. முகத்தில் அடைத்தால் தண்ணீர் பின்னால் வழி தேடும். இப்போது டைல்ஸுக்கு வெளியே சொட்டுவதால் உங்களுக்குத் தெரிகிறது. அடைத்துவிட்டால் பூச்சுக்குள் இறங்கும்.

கட்டடக்கண்

இதை நான் வழிமொழிகிறேன். கட்டட வேலையில் இருக்கிறேன். குளியலறைச் சுவரின் மறுபக்கம் பெயிண்ட் உப்பி உதிர்வது, கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டம் விழுவது, இவற்றில் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் வெளியே அடைத்த கசிவுதான் இருக்கும். இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்குச் சுமார் 2 லிட்டர். அதில் பாதி சுவருக்குள் போனால்கூடச் சுவர் காயவே காயாது.

நிலாமுற்றம், மறுபக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்தீர்களா? கீழ் ஓரத்தில் குளிர்ச்சியாக இருக்கிறதா, தட்டினால் பூச்சு வெற்று ஓசை தருகிறதா?

ஸ்பேனர்செல்வன்

பிளம்பர் வர நாலு நாள் ஆகும் என்றால் அதுவரைக்காவது பூசலாமே என்றுதான் சொல்ல வந்தேன்.

மரைதிருகி

ஈரம் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் அது ஒட்டவும் ஒட்டாது செல்வன். பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும்போது இறுகுவதற்குள் ஊசித்துளை விழுந்துவிடும். மெயினை மூடி, எல்லாம் காய்ந்து, பூசி, டின்னில் சொன்ன நேரம் விட வேண்டும். அவ்வளவு நேரம் மெயினை மூடி வைக்க முடிகிறது என்றால் மூடியே வைத்துவிட்டு ஒரு பக்கெட்டில் பிடித்துப் புழங்கலாமே.

நிலாமுற்றம்

மறுபக்கம் அலமாரி இருந்தது, நகர்த்திப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை ஈரம் தெரிகிறது. பிளம்பரிடம் படங்களை அனுப்பிவிட்டேன், நாளை மறுநாள் வருகிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

மரைதிருகி

ஈரம் அந்தப் பக்கம் வந்துவிட்டதால் காத்திருக்கும் நேரத்தில் மெயினை மூடி வைப்பது இன்னும் அவசியம்.

அவரிடம் இந்தப் படங்களோடு, காக்கை மூடியும் கசிகிறது, எல்போ வாயில் விரிசல் என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் கொத்தும் உளியும் எல்போவும் கையில் எடுத்து வருவார். பித்தளை மரை வைத்த எல்போ போடச் சொல்லுங்கள். பைப்பின் வகைக்கு ஏற்ற பசைதானா என்றும் கேளுங்கள். வெந்நீர் பைப்புக்கும் தண்ணீர் பைப்புக்கும் பசை வேறு வேறு. மாற்றிப் போட்டால் ஒட்டினது போல இருந்து பின்னால் விடும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒட்டிய பிறகு டின்னில் எழுதியிருக்கும் நேரம் முடியும்வரை தண்ணீர் திறக்கக் கூடாது. திறந்த பிறகு, கொத்திய பள்ளத்தை மூடாமல் ஒரு இரவு முழு அழுத்தத்தில் விட்டு, காலையில் உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் பூச வேண்டும். அன்றைக்கே பூசி முடித்துவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் தோன்றும். இன்னொரு முறை வர வேண்டுமே என்ற அலுப்பு அவருக்கும் இருக்கும். முன்கூட்டியே இரண்டு நாள் வேலை என்று பேசிக்கொண்டால் வம்பு இல்லை.

நிலாமுற்றம்

வேலை முடிந்தது. பிளம்பர் இரண்டு டைல்ஸ் மட்டும் எடுத்துக் கொத்தினார். விரிசல் வாயில் தொடங்கி வளைவு வரை போயிருந்தது, கையில் எடுத்ததுமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அந்தப் படத்தையும் போட்டிருக்கிறேன். பித்தளை மரை எல்போ போட்டிருக்கிறார். பள்ளத்தை மூடாமல் விட்டுப் பார்த்தோம், காலையில் காகிதம் காய்ந்தே இருந்தது. மீட்டர் முள்ளும் எல்லாக் குழாயையும் மூடியபோது அசையவில்லை.

இப்போது புதுக் கேள்வி. பக்கத்திலேயே வெந்நீருக்கான எல்போ இருக்கிறது. அதுவும் அதே பிளாஸ்டிக் வாய், அதே ஆள் மாட்டியது. கசிவு இல்லை, கோடும் தெரியவில்லை. பள்ளம் திறந்திருக்கும்போதே அதையும் மாற்றிவிடலாமா?

கட்டடக்கண்

மாற்றிவிடுங்கள். டைல்ஸ் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, நாளைக்குத் தனியாகக் கொத்தினால் இரட்டை வேலை. வெந்நீர் பக்கம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சீக்கிரம் தளரும்.

மரைதிருகி

நான் தொட மாட்டேன். கசியாத இணைப்பைத் தோண்டினால் பக்கத்துப் பைப்புக்கும் அதிர்வு போகும். ஃபிளாஞ்சை வெள்ளை சிமெண்டு இல்லாமல் வெறுமனே தள்ளி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை இழுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆனால் கட்டடக்கண் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பள்ளம் அந்த எல்போவின் முதுகுவரை ஏற்கெனவே திறந்திருந்தால் நானே மாற்றச் சொல்வேன். எவ்வளவு தூரம் கொத்தியிருக்கிறார் என்று ஒரு படம் போடுங்கள்.

தூறல்

என் குழாயில் கார்ட்ரிட்ஜ்தான் இருந்தது, மாற்றிவிட்டேன், வாயில் சொட்டு நின்றுவிட்டது. இப்போது கைப்பிடிக்குக் கீழே லேசாக ஈரம். கார்ட்ரிட்ஜைப் பிடிக்கும் நட்டை இன்னும் இறுக்கலாமா?

மரைதிருகி

முதலில் கழற்றி, கார்ட்ரிட்ஜின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, உடம்புக்குள் பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இறுக்குவது அதற்கு அப்புறம்.